மோருக்கும் ஒரு மாத இருமலுக்கும் சம்பந்தமில்லை

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை இருக்கிறது. நாலு மாதத்தில் 58 கிலோவிலிருந்து 52-க்கு வந்துவிட்டார். மதியமும் ராத்திரியும் தயிர்சாதம், நடுவில் மோர், அவ்வளவுதான் சாப்பாடு. புரோட்டீன் போதவில்லை என்று தம்பி சென்னையிலிருந்து கிரீக் யோகர்ட்டும் கெஃபிர் விதையும் வாங்கி அனுப்பியிருக்கிறான். எது நல்லது? கெஃபிரில் சாராயம் உண்டு என்கிறார்களே? தயிர் மேல் மஞ்சளாகத் தண்ணீர் நிற்கிறது, அதை ஊற்றிவிடலாமா? மோரால் ஒரு மாதமாக இருமல் வேறு. மெடிக்கலில் சொல்லி இரண்டு சிரப் வாங்கிக் கொடுத்தோம், மோரை நிறுத்தியும் நிற்கவில்லை.
- ஒரு வாசகி, சேரன்மகாதேவி

பதில்: கடைசி இரண்டு வரியில் எழுதியதை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். சர்க்கரை இருக்கும் ஒருவருக்கு ஒரு மாதமாக இருமல், கூடவே பத்தில் ஒரு பங்கு எடை குறைவு. இதைக் கேட்டால் எந்த மருத்துவரும் தயிரைப் பற்றி யோசிக்க மாட்டார், காசநோயைப் பற்றித்தான் யோசிப்பார். இருமல் இரண்டு வாரம் தாண்டினாலே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதுதான் நம் நாட்டின் காசநோய்த் திட்டத்தின் விதி. சர்க்கரை இருப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். காய்ச்சல், ராத்திரி வியர்வை எல்லாம் வந்தால்தான் அது காசநோய் என்று காத்திருக்க வேண்டாம். அவை இல்லாமலும் வரும்.

நாளைக்கே உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ அழைத்துப் போங்கள். பரிசோதனை இலவசம், நோய் இருந்தால் மாத்திரையும் இலவசம். ஒரு சளி மாதிரியை அங்கேயே எடுப்பார்கள், இன்னொன்றைக் காலையில் எழுந்ததும் எடுத்துவரச் சொல்வார்கள். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை, நெஞ்சிலிருந்து இருமி வருவதுதான் வேண்டும். அன்றைக்கே நெஞ்சு எக்ஸ்-ரேயும் மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை கட்டுக்கு மீறினால் அதுவே எடையைக் கரைக்கும், அப்போது எத்தனை கிண்ணம் யோகர்ட் கொடுத்தும் ஏறாது. முடிவு வரும்வரை அவர் இருமும்போது வாயைத் துணியால் மூடட்டும், சிறு பிள்ளைகள் பக்கத்தில் படுக்க வேண்டாம். இன்னொன்று, மெடிக்கலில் கேட்டு வாங்குவதை இத்தோடு நிறுத்துங்கள். சிரப் போய் ஆன்டிபயாட்டிக் வந்தால், சில வகை மாத்திரைகள் காசநோயைக் கொஞ்ச நாள் அமுக்கி வைத்து, கண்டுபிடிப்பதையே தள்ளிப்போட்டுவிடும்.

சரி, இப்போது தயிருக்கு வருகிறேன்.

கிரீக் யோகர்ட் என்று விற்பது வடிகட்டிய தயிர்தான். ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய 32 கிராம் புரோட்டீன் இருக்கும். உறை ஊற்றினால் அது அப்படியே தயிரில் நிற்கும். அந்தத் தயிரைத் துணியில் கட்டி வடித்தால் பாதிக்கு மேல் தண்ணீராகப் போய், சுமார் 300 கிராம் கெட்டித் தயிர் மிஞ்சும். புரோட்டீனில் பெரும்பகுதி அதிலேயே தங்கிவிடும், கொஞ்சம்தான் தண்ணீரோடு போகும். ஆக, வடிப்பதால் புதிதாக எதுவும் முளைப்பதில்லை, இருப்பது நெருங்கி உட்காருகிறது. சாதாரணத் தயிர் 100 கிராமில் மூன்று, மூன்றரை கிராம் புரோட்டீன் என்றால் வடித்ததில் எட்டு முதல் பத்து வரை வரும். கெஃபிர் என்ற புளித்த பாலிலும் புரோட்டீன் சாதாரணத் தயிரின் கணக்குதான். மோரில் தயிரைப்போல மூன்று மடங்கு தண்ணீர் என்றால், ஒரு டம்ளருக்கு ஒன்றரை கிராம் தேறினால் அதிகம்.

இதை உங்கள் அப்பாவின் தட்டில் வைத்துப் பாருங்கள். கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்தால் அவருக்கு நாளைக்கு 50 கிராமாவது வேண்டும். இரண்டு வேளைத் தயிர்சாதம், இரண்டு டம்ளர் மோர், காலையில் நாலு இட்லி சாப்பிடுகிறார் என்று வைத்தாலும், எல்லாம் சேர்ந்து முப்பதைத் தொடுவதே கஷ்டம். பசியில்லாத மனிதர் கால் லிட்டர் தயிரைக் குடிக்க மாட்டார், ஒரு சின்னக் கிண்ணம் சாப்பிடுவார். அந்தச் சின்னக் கிண்ணத்தில் கெட்டித் தயிர் இருந்தால் மூன்று கிண்ணத்தின் வேலை நடக்கும். வடிதயிரால் கிடைக்கும் லாபம் இவ்வளவுதான். அதை வீட்டிலேயே செய்யலாம். அரை லிட்டர் தயிரைச் சுத்தமான பருத்தித் துணியில் ஊற்றி, வடிகட்டிமேல் வைத்து, ராத்திரி முழுக்க ஃபிரிஜ்ஜில் விடுங்கள். நம் ஊர் வெயிலில் வெளியே தொங்கவிட்டால் காலையில் புளித்துப்போயிருக்கும். கடையில் வாங்கினால் உறையின் பின்பக்கம் பாருங்கள். 100 கிராமுக்கு ஐந்து கிராம்கூடப் புரோட்டீன் இல்லாமல், சர்க்கரையும் கெட்டிப்படுத்தும் மாவும் போட்டிருந்தால், அது பெயரில்தான் கிரீக். பழச்சுவை வகை உங்கள் அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம்.

மீதி இருபது கிராமுக்குத் தயிர் மட்டும் போதாது. முட்டை, மீன் சாப்பிடுகிறவர் என்றால் சுலபம். இல்லையென்றால் வாரத்தில் இரண்டு நாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்யுங்கள். அவருக்கே பிடித்ததாக இருக்கும்.

உயிருள்ள பாக்டீரியா தயிர், வடிதயிர், மோர், கெஃபிர் நான்கிலும் உண்டு. வடிப்பதால் அவை போவதில்லை. மோரில் தண்ணீர் கலந்ததால் எண்ணிக்கை நீர்த்திருக்கும். நெருப்பில் வைத்தால் செத்துவிடும், மோர்க்குழம்பில் உயிருள்ள பாக்டீரியாவை எதிர்பார்க்காதீர்கள். ஆவி பறக்கும் சோற்றில் தயிரைப் பிசைந்தாலும் நிறையப் போகும், சோறு ஆறியபின் ஊற்றுங்கள். வீட்டுத் தயிரில் எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு, உறைக்கு உறை மாறும். அதனால் அதை மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள், நல்ல சாப்பாடு என்று சாப்பிடுங்கள்.

கெஃபிர் வேறு சாதி. அந்த ‘விதை’ விதையே அல்ல. பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் ஒட்டிக்கொண்டு காலிஃபிளவர் துண்டுபோலத் திரண்ட கட்டி அது. தயிர் இளஞ்சூட்டுப் பாலில் சில மணி நேரத்தில் உறையும். கெஃபிர் ஆறிய பாலில், 20-25 டிகிரியில் ஒரு நாள் எடுக்கும். நம் ஊரில் அந்தக் குளிர் ஏது? அரை நாளிலேயே திரிந்து, அடியில் தண்ணீரும் மேலே கட்டியுமாக நிற்கும். பலர் கெட்டுவிட்டது என்று கொட்டுவது இதைத்தான். பத்து மணி நேரத்தில் வடித்துவிட்டால் போதும். ஈஸ்ட் இருப்பதால் துளி ஆல்கஹாலும் வாயுவும் வரும். ஆல்கஹால் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான், போதையேறாது. மூடியை இறுக்கினால் பாட்டில்தான் வெடிக்கும். ‘பச்சைப் பாலில் போட்டால்தான் சத்து’ என்று வீடியோ பார்த்துவிட்டுக் காய்ச்சாத பாலில் மட்டும் போடாதீர்கள். பாலில் வரும் புருசெல்லா கிருமியைப் புளிப்பு முழுதாகக் கொல்லாது.

தயிர் மேல் நிற்கும் மஞ்சள் தண்ணீரில் கெடுதல் ஒன்றுமில்லை, அந்த நிறம் பி2 வைட்டமின். கலக்கிச் சாப்பிடுங்கள். இளஞ்சிவப்போ கறுப்போ பூத்திருந்தால் மொத்தத்தையும் கொட்டுங்கள். மோரை இன்றே திரும்பக் கொடுக்கலாம், பாவம், அதை ஏன் நிறுத்தினீர்கள்?

கெஃபிர் விதையை அவசரமாகத் தொடங்க வேண்டாம். கொஞ்சம் பாலில் போட்டு ஃபிரிஜ்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். அதற்குள் சளி முடிவு வந்துவிடும். ரத்தம் எடுக்கும்போது கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை சிறுநீரகத்தைத் தொட்டிருந்தால் மேலே சொன்ன 50 கிராம் கணக்கு மாறும், அதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.