பாகற்காய் கசப்பு குறைய, ஆனால் குழையாமல் இருக்க

பாகற்காயை உப்பு போட்டுப் பிழிந்து வறுத்தால் கசப்பு குறைகிறது, ஆனால் துவண்டு குழைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பெரும்பாலும் தவறு பிழிந்த பிறகுதான் நடக்கிறது: மூடி போட்டு வேகவைப்பது. ஆவி வெளியேறாமல் காய் தன் நீரிலேயே வெந்துவிடும்.

கால் கிலோ காயை நீளவாக்கில் பிளந்து, விதையையும் பஞ்சு போன்ற உள்பகுதியையும் வழித்தெடுங்கள். கால் அங்குல கனத்தில் நறுக்குங்கள். இதைவிட மெல்லியதாக இருந்தால் பிழியும்போதே நைந்துவிடும். ஒரு டீஸ்பூன் கல்லுப்பு பிசறி 20 நிமிடம் வையுங்கள். உப்பு காயின் நீரை இழுக்கும்போது கசப்பும் கொஞ்சம் கூடவே இறங்கும். அந்தப் பச்சை நீரைக் கொட்டி, ஒருமுறை அலசி, கைப்பிடியாக அழுத்திப் பிழியுங்கள். முறுக்க வேண்டாம்.

அப்புறம் அகலமான வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காயவைத்து, ஒரே அடுக்காகப் பரப்பி, திறந்தபடியே மிதமான தீயில் வதக்குங்கள். ஓரம் பழுப்பானதும் புளிக்கரைசலும் துளி வெல்லமும் சேர்க்கலாம். உப்பை ருசி பார்த்துப் போடுங்கள். காயில் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

கசப்பு முழுதாகப் போகாது. போனால் அது பாகற்காயே இல்லை!