பத்திரிகைக்கு எழுத்துரு தேர்ந்தெடுக்கும்போது: செரிஃப், கெர்னிங், வெயிட்

கேள்வி: தங்கை கல்யாணப் பத்திரிகையை முதல்முறையாக நானே டிசைன் செய்கிறேன். மெரூன் அட்டை, தங்க ஃபாயில் அச்சு. அச்சகத்தில் காட்டியபோது, "வெயிட் பத்தாது, இங்கிலீஷ் பேர்ல கெர்னிங் சரியில்ல, செரிஃப் ஃபான்ட்டா பாத்து போடுங்க" என்றார்கள். மூன்றுமே எனக்குப் புதுசு. எதை, எப்படி மாற்றுவது?

பதில்: முதலில் வெயிட்டைக் கவனியுங்கள். மற்ற இரண்டும் அழகு சம்பந்தப்பட்டவை. இது தப்பினால் பத்திரிகையைப் படிக்கவே முடியாது.

வெயிட் என்றால் எழுத்தின் கோடு எவ்வளவு தடிமன் என்பது. ஒரே உயரமுள்ள எழுத்தையே மெல்லிய கோட்டிலும் போடலாம், தடித்த கோட்டிலும் போடலாம். எழுத்துருப் பட்டியலில் Light, Regular, Medium, SemiBold, Bold என்று பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கே 300, 400, 500, 600, 700 என்று எண்களும் உண்டு. Noto Serif Tamil போன்ற எழுத்துருவில் 100 முதல் 900 வரை ஒன்பது தடிமன்கள் கிடைக்கும். ஒரு எழுத்துருவின் 500 இன்னொன்றின் 500 அளவுக்கே தடிமனாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிடுங்கள்.

கணினித் திரையில் Light அழகாகத்தான் தெரியும். ஃபாயில் அச்சு வேறு விஷயம். சூடான அச்சுக்கட்டை தங்கத்தாளை அட்டையில் அழுத்தி ஒட்டுகிறது. கோடு மிக மெல்லிசாக இருந்தால் அந்த இடத்தில் தாள் சரியாக ஒட்டாமல் விட்டுவிடும். பொதுவாக அரை பாயின்ட்டுக்குக் கீழே போகும் கோடுகளை நம்ப முடியாது. 9 பாயின்ட் அளவில் Light போட்டால் எழுத்தின் மெல்லிய பகுதிகள் அதற்கும் கீழே சுலபமாகப் போய்விடும். முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. "அன்புடன்" என்பதில் இரண்டு ன்-களின் புள்ளியும் போனால் "அனபுடன" என்று நிற்கும். பழைய ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள், படிப்பவர் தானே ஊகித்துக்கொள்வார். மண்டபத்தின் பெயரையும் ஊர்ப் பெயரையும் தேடும் விருந்தாளியிடம் நாம் அதை எதிர்பார்க்க முடியாது.

அதற்காக எல்லாவற்றையும் Bold ஆக்கினால் எதிர்ப்பக்கத் தவறு வரும். ஃபாயில், கோட்டைச் சற்றே அகலமாக்கும் பழக்கமுள்ளது. ண-வுக்கும் ன-வுக்கும் இடையே ஒரு சுழிதான் வித்தியாசம். தடித்த எழுத்தில் சின்ன அளவில் அந்தச் சுழிகளின் உள்வெளி அடைத்துக்கொள்ளும். "கண்ணன்" என்று அச்சடித்துப் பாருங்கள், மூன்றும் ஒரே பொட்டலமாகத் தெரிந்தால் வெயிட் அதிகம் என்று அர்த்தம். உங்கள் மெரூன் அட்டைக்கு நான் சொல்வது இது: உள்பக்க வாசகத்துக்கு 11 பாயின்ட், Medium அல்லது SemiBold. மணமக்கள் பெயர் 24 பாயின்ட்டுக்கு மேல் போவதால் Regular-ஏ போதும். அளவு பெரிதாகும்போது கோடும் தானாகத் தடிக்கும்.

ஒரே ஒரு தடிமன் மட்டும் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தடிமன் வேண்டுமென்று எழுத்தைச் சுற்றி ஸ்ட்ரோக் போடாதீர்கள். ஸ்ட்ரோக் கோட்டின் இரு பக்கமும் ஏறுவதால் சுழிகள்தான் முதலில் அடைபடும். உண்மையான Bold-ஐ வரைந்தவர் உள்வெளியை விட்டுத்தான் வரைந்திருப்பார்.

கெர்னிங் என்பது குறிப்பிட்ட இரண்டு எழுத்துகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைச் சரிசெய்வது. முழு வரிக்கும் ஒரே மாதிரி இடைவெளி கூட்டுவது டிராக்கிங், அது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

மணப்பெண் பெயர் VAISHNAVI என்று வைத்துக்கொள்வோம், பெரிய எழுத்தில், 36 பாயின்ட்டில். V-யும் A-யும் சாய்ந்த எழுத்துகள். பக்கத்துப் பக்கத்தில் வரும்போது நடுவில் ஒரு சாய்ந்த வெற்றிடம் விழுகிறது. இந்தப் பெயரில் அது முதலிலும் கடைசிப் பக்கமும் என்று இரண்டு முறை வருகிறது. நடுவில் H-உம் N-உம் நேர்க்கோட்டோடு நேர்க்கோடாக நெருங்கி நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் V, AISHNA, VI என்று பெயர் மூன்றாக உடைந்தாற்போல் இருக்கும். உங்கள் அச்சகத்தார் பார்த்ததும் இப்படி ஒன்றாகத்தான் இருக்கும்.

Illustrator, InDesign இரண்டிலும் வழி ஒன்றே. முதலில் கெர்னிங் பெட்டியில் Optical போட்டுப் பாருங்கள், சில பெயர்களுக்கு அதுவே போதும். போதவில்லையென்றால் V-க்கும் A-க்கும் நடுவில் கர்சரை வைத்து Alt-ஐ அழுத்தியபடி இடது அம்புக்குறியைத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு வழக்கமாக 20 அலகு நெருங்கும். அலகு என்பது எழுத்தளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 36 பாயின்ட்டில் 20 அலகு என்றால் கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர். முதலில் வரும் VA, கடைசிப் பக்கம் வரும் AV என்ற இரண்டு ஜோடிகளையும் இப்படி நெருக்கிவிட்டு, H-N நடுவில் வலது அம்புக்குறியால் கொஞ்சம் விடுங்கள். பிறகு பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பெயர் படிக்க வராததால் கண் வெற்றிடங்களை மட்டும் பார்க்கும்.

தமிழ்ப் பெயரில் இந்த வேலையைச் செய்யாதீர்கள், டிராக்கிங்கும் 0-விலேயே இருக்கட்டும். குறிப்பாக, அச்சகத்தார் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து கொடுத்தால் கவனம். அவற்றில் கொம்பும் காலும் தனித்தனி எழுத்துகள். "பொன்னி"யில் இடைவெளி கூட்டினால் கொம்பு ஒருபக்கம், ப நடுவில், கால் இன்னொரு பக்கம் என்று பிரியும், தனியே நிற்கும் காலை ர என்றே படித்துவிடுவார்கள். பெயருக்கு விரிவு வேண்டுமென்றால் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள், சுற்றிலும் காலியிடம் விடுங்கள்.

செரிஃப் கடைசி. ஆங்கில எழுத்தின் கோட்டு முனையில் சின்னப் பாதம் போல நீட்டிக்கொண்டிருப்பதுதான் அது. ரோமானியர்கள் கல்லில் வெட்டிய எழுத்துகளிலேயே அந்தப் பாதம் உண்டு. தமிழ் எழுத்துக்கு அப்படியொரு மரபு கிடையாது. அதனால் தமிழ் எழுத்துருவின் பெயரில் Serif என்று இருந்தால் பாதத்தைத் தேடாதீர்கள். ஒரே எழுத்துக்குள் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வருவதைத்தான் பெரும்பாலும் அது குறிக்கிறது. Noto Sans Tamil, Noto Serif Tamil இரண்டிலும் "அ" ஒன்றை 200 பாயின்ட்டில் போட்டு அருகருகே வைத்தால் நொடியில் தெரிந்துவிடும்.

உங்கள் பத்திரிகைக்கு ஆங்கிலப் பெயர்கள் செரிஃபில் இருக்கட்டும், தமிழ் வாசகமும் தடிப்பு-மெலிவு உள்ளதாக இருந்தால் இரண்டும் ஒட்டிப்போகும். ஆனால் Cormorant Garamond மாதிரி மிக மெல்லிய முனை கொண்டதை ஃபாயிலில் சின்ன அளவுக்குப் போடாதீர்கள், அந்தப் பாதங்களே முதலில் உதிரும். அட்டை முகப்பில் பெரிதாகப் போட்டால் பிரச்சினை இல்லை.

மொத்தமும் அடிக்கும் முன், அதே மெரூன் அட்டையில் அதே ஃபாயிலில் ஒரே ஒரு மாதிரி கேளுங்கள். கொஞ்சம் செலவாகும், கொடுத்துவிடுங்கள். வெள்ளைத்தாளில் எடுத்த பிரதி ஃபாயிலைப் பற்றி எதுவும் சொல்லாது. மாதிரி வந்ததும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், மாலை விளக்கு வெளிச்சத்தில், முகூர்த்த நேரத்தையும் மண்டப முகவரியையும் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் அட்டையைச் சாய்த்துப் பார்த்தால் வெயிட்டை ஒரு படி ஏற்றுங்கள்.