கோல்பிட்ஸ், ஹார்ட்லி: எவ்வளவு கெயின் இருந்தால் ஆசிலேட் ஆகும்?

கேள்வி: சார், பாடத்தில் கோல்பிட்ஸ் ஆசிலேட்டருக்கு gmR > C2/C1 என்று முடிவை மட்டும் போட்டிருக்கிறார்கள். எங்கிருந்து வருகிறது?

பதில்: எமிட்டர் கிரவுண்டில் இருக்கட்டும். கலெக்டரிலிருந்து கிரவுண்டுக்கு C1, பேஸிலிருந்து கிரவுண்டுக்கு C2, கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே காயில் L. கலெக்டரிலிருந்து கிரவுண்டுக்குச் சுமை R, டிரான்சிஸ்டரின் டிரான்ஸ்கண்டக்டன்ஸ் gm. பேஸ் வோல்டேஜ் V என்றால் C2-இல் ஓடும் கரண்ட் sC2V. பேஸ் இழுப்பதைச் சற்று மறந்துவிட்டால், அதே கரண்ட்தான் காயில் வழியாக வர வேண்டும். ஆகவே கலெக்டர் வோல்டேஜ் V(1+s²LC2). இனி கலெக்டர் முனையில் கரண்டுகளைக் கூட்டிச் சுழியாக்குங்கள்:

```
sC2 + gm + (1/R + sC1)(1 + s²LC2) = 0
```

s = jω என்று போட்டு இரண்டாகப் பிரியுங்கள். கற்பனைப் பகுதி அதிர்வெண்ணைத் தரும், மெய்ப்பகுதி கெயினைத் தரும்:

```
ω² = (C1+C2) / (L·C1·C2)
gm·R + 1 = ω²·L·C2 = 1 + C2/C1
```

இருபுறமும் 1 போனால் gmR = C2/C1. இது ஓடும் அலை அணையாமல் நிற்கும் எல்லை மட்டுமே. தானாகத் தொடங்க இதைவிட அதிகம் வேண்டும். நான் 3 மடங்கு வைப்பேன்.

கேள்வி: இது தப்பு. C1 = C2 என்றால் குறைந்தது 4 வேண்டும் என்று படித்திருக்கிறேன். உங்கள் கணக்கில் 1 போதும் என்று வருகிறதே?

பதில்: நீங்கள் படித்ததும் சரிதான், ஆனால் அங்கே R வேறு இடத்தில் இருக்கிறது. என் R கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே. உங்கள் R முழுக் காயிலின் குறுக்கே. காயிலின் குறுக்கே உள்ள வோல்டேஜ் கலெக்டர் வோல்டேஜைப் போல் (1 + C1/C2) மடங்கு. எனவே அந்த R-ஐக் கலெக்டருக்குக் கொண்டுவர, இதன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். செய்து பாருங்கள், (C1+C2)²/(C1·C2) வரும். சமமாக இருந்தால் 4. சர்க்யூட் ஒன்றுதான், அளக்கும் இடம்தான் வேறு.

கேள்வி: L 10 மைக்ரோஹென்றி, C1 220 பிஎஃப், C2 1000 பிஎஃப், கலெக்டரில் 1 கே. கணக்கில் 3.75 மெகாஹெர்ட்ஸ். ஸ்கோப்பில் 3.23 காட்டுகிறது. காயில் தப்பா?

பதில்: புரோப்பை எங்கே வைத்தீர்கள்? கலெக்டரில், ×1-இல் என்றால் காயிலைக் குறை சொல்ல வேண்டாம். ×1 புரோப் கேபிளோடு சேர்த்து 100 பிஎஃப் அளவுக்குச் சுமக்கும். C1 320 ஆகிவிட, தொடர் மதிப்பு 180-இலிருந்து 242 பிஎஃப் ஆகிறது. அதிர்வெண் சரியாக 3.23-க்கு இறங்கும். அதே புரோப்பைப் பேஸ் பக்கம் வைத்தால் 1000-உடன் 100 சேர்கிறது, 3.72 காட்டும். ×10-க்கு மாற்றினால் இன்னும் நெருங்கும்.

இன்னொரு விஷமம்: கலெக்டரில் புரோப் இருக்கும்போது தேவையான கெயின் 4.5-இலிருந்து 3.1-க்குக் குறைகிறது. புரோப் வைத்தால் ஓடும், எடுத்தால் நின்றுவிடும் சர்க்யூட்டுகளில் பல இந்த ரகம்தான்.

கேள்வி: அண்ணா, அதே மதிப்புகள்தான் எனக்கும், பிசி547. எமிட்டரில் 1 கே, கரண்ட் 0.4 மில்லியாம்ப். டிசி எல்லாம் சரி, ஆனால் ஒரு அசைவும் இல்லை.

பதில்: எமிட்டர் ரெசிஸ்டருக்குக் குறுக்கே கெப்பாசிட்டர் போட்டீர்களா தம்பி? 0.4 மில்லியாம்பில் gm சுமார் 15 மில்லிசீமென்ஸ். காயில் Q 60 என்று வைத்தால் அதன் இழப்பு கலெக்டரில் 9.5 கே போலத் தெரியும். 1 கே-யுடன் சேர R சுமார் 900 ஓம். gmR ஏறக்குறைய 14, தேவை 4.5, மூன்று மடங்கு இருக்கிறது. பைபாஸ் இல்லையென்றால் gm 1 மில்லிசீமென்ஸுக்கும் கீழே போய், gmR 0.85 ஆகிவிடும். அப்புறம் எங்கே அசையும்? 0.1 மைக்ரோஃபாரட் செராமிக்கை, கால்களை வெட்டிக் குட்டையாகப் போடுங்கள்.

அதோடு, காயிலுக்கும் பேஸுக்கும் நடுவே 10 நானோஃபாரட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கலெக்டரும் பேஸும் டிசியில் ஒன்றாகிவிடும்.

கேள்வி: டொராய்டில் 40 சுற்று, பேஸ் பக்கமிருந்து 10-ஆவதில் டேப். L சுற்றின் வர்க்கம் என்பதால் ஹார்ட்லிக்கு 9 மடங்கு கெயின் வேண்டுமா?

பதில்: இரண்டு தனித்தனிக் காயிலாக, ஒன்றையொன்று பார்க்காமல் இருந்தால் L1/L2, அதாவது 9. ஒரே கோரில் சுற்றினால் விகிதம் (L1+M)/(L2+M); M என்பது இரண்டுக்கும் இடையிலான பரஸ்பர இண்டக்டன்ஸ். டொராய்டில் பிணைப்பு இறுக்கமாக இருப்பதால் அது சுற்று விகிதத்துக்கே வந்துவிடும்: 30/10, சுமார் 3. அதிர்வெண்ணுக்கு L1+L2+2M, இரு முனைகளையும் மீட்டரில் அளந்தால் M சேர்ந்தேதான் வரும், தனியாகக் கூட்டாதீர்கள்.

கேள்வி: என்னுடையது ஓடுகிறது, ஆனால் ஸ்விட்ச் போட்ட கால் மணி நேரம் அதிர்வெண் நகர்ந்துகொண்டே போகிறது. கெப்பாசிட்டர் எல்லாம் என்பிஓ.

பதில்: அப்படியானால் சந்தேகம் காயிலின் கோர், டிரான்சிஸ்டரின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் இரண்டின் மேலும் விழுகிறது. சால்டரிங் அயர்ன் நுனியை ஒவ்வொன்றின் அருகிலும் தொடாமல் சில நொடி காட்டிப் பாருங்கள். எதில் எண் வேகமாக ஓடுகிறது, எந்தத் திசையில் என்று எழுதுங்கள். அது தெரியாமல் இதற்கு மேல் சொன்னால் ஊகம்தான்.