லீவு மிச்சம் இருக்கிறது, வேலையை விடுகிறேன்: பணம் கிடைக்குமா?

கேள்வி: நான் மட்டக்களப்பில் ஒரு தனியார் வியாபார நிறுவனத்தின் கிளையில் கணக்கு எழுதுநராக 2022 ஜூன் 1 முதல் வேலை செய்கிறேன். ஓகஸ்ட் 29 இறுதி நாள் என்று விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். இந்த வருடத்து வருடாந்த லீவில் மிச்சம் உண்டு. "தானாக விலகுகிறவர்களுக்கு லீவுப் பணம் கிடையாது" என்கிறார் கிளை முகாமையாளர். தலைமை அலுவலகம் கொழும்பில். கடிதம் எழுதிக் கேட்கலாமா? கேட்டால் சேவைச் சான்றிதழைத் தராமல் இழுத்தடிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. எப்படி எழுதுவது?
— கல்லடி வாசகி

பதில்: கேட்கலாம். ஆனால் பணத்தைத் தரும்படி வற்புறுத்தும் கடிதமாக அல்லாமல், விளக்கம் கேட்கும் கடிதமாக எழுதுங்கள். சண்டைக்கு இழுக்காத கடிதத்தைத் தலைமை அலுவலகம் கோபப்படாமல் வாசிக்கும். அவர்கள் எழுத்தில் தரும் பதில் பின்னால் உங்கள் கையில் ஆதாரமாகவும் நிற்கும். சேவைச் சான்றிதழைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் வேண்டாம். அதைத் தனிக் கடிதத்தில் கேளுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதில் பேரம் பேசுவதற்கு நீங்களே வழி காட்டியதாகிவிடும்.

முகாமையாளரின் பேச்சில் எங்கே பிழை என்பதைச் சொல்கிறேன். உங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்துவது 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம். அந்தச் சட்டத்தில் வருடாந்த லீவு முந்திய வருடத்து உழைப்புக்கு உரியது. ஜனவரி முதல் டிசம்பர் வரை வேலை செய்தால் அதற்கான 14 நாட்களை அடுத்த வருடத்தில் எடுக்கிறீர்கள். முதலாவது வருடத்துக்கு மட்டும், வேலையில் சேர்ந்த திகதியைப் பொறுத்து நாட்கள் குறையும். ஜனவரி முதல் மார்ச் முடிவுக்குள் சேர்ந்தவருக்கு 14, ஏப்ரல் முதல் ஜூன் முடிவுக்குள் சேர்ந்தவருக்கு 10, ஜூலை முதல் செப்டெம்பர் முடிவுக்குள் சேர்ந்தவருக்கு 7, அதன் பிறகு சேர்ந்தவருக்கு 4. நீங்கள் ஜூன் மாதத்தில் சேர்ந்ததால் 2023 இல் 10 நாட்கள் கிடைத்திருக்கும். 2024 இலும் 2025 இலும் 14 நாட்கள்.

ஆக, இந்த 2025 இல் நீங்கள் எடுக்க வேண்டிய 14 நாட்களும் 2024 முழுவதும் உழைத்துச் சம்பாதித்தவை. வேலையை நீங்கள் விட்டாலும் அவர்கள் நிறுத்தினாலும் அந்த உழைப்பு நடந்து முடிந்தது. எடுக்காமல் மிஞ்சிய நாட்களுக்குப் பணம் கேட்பது நிறுவனத்தின் தயவை எதிர்பார்ப்பதல்ல. "தானாக விலகினால் இல்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் லீவைப் போனஸோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

இனி 2025 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை உழைத்த மாதங்கள். நீங்கள் வேலையில் தொடர்ந்திருந்தால் அவற்றுக்கான லீவு 2026 இல் உங்கள் கைக்கு வந்திருக்கும். இந்தப் பகுதியை நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுகின்றன. சில மாத வீதத்தில் கொடுக்கின்றன, சில இதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. உங்கள் நியமனக் கடிதத்திலோ ஊழியர் கையேட்டிலோ மாத வீதம் என்று எழுதியிருந்தால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்பு விலகிய ஒருவருக்கு அப்படிக் கொடுத்திருந்தால் அதுவும் உதவும். கடிதத்தில் இதைத் தனிக் கேள்வியாக வையுங்கள். இரண்டையும் கலந்து மொத்தமாக இத்தனை நாள் என்று கேட்டால், தகராறுள்ள பாதியைக் காட்டி உறுதியான பாதியையும் சேர்த்துத் தள்ளிவைப்பார்கள்.

எழுத உட்காருமுன் லீவுப் பதிவேட்டை ஒருமுறை கண்ணால் பாருங்கள். முடிந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறுதி நாளுக்குப் பிறகு அந்தப் பதிவேடு உங்களுக்கு எட்டாது. நான் பார்த்த இப்படியான தகராறுகளில் பாதிக்கு மேல் சட்டத்தால் வந்தவை அல்ல, பதிவேட்டால் வந்தவை. வருடாந்த லீவு வேறு, நோய்க்கும் சொந்தக் காரியங்களுக்கும் எடுக்கும் 7 நாள் அமய லீவு வேறு. காய்ச்சலில் படுத்த நாட்களை வருடாந்த லீவில் கழித்துவைப்பது இங்கே சர்வ சாதாரணம்.

ஓர் உதாரணம் போடுவோம். பதிவேட்டில் இந்த வருடம் 8 நாள் வருடாந்த லீவு, 2 நாள் அமய லீவு எடுத்ததாக இருக்கிறது என்று வையுங்கள். பார்த்தால் மிச்சம் 6 நாள். ஆனால் அந்த எட்டில் மூன்று நாட்கள் காய்ச்சலுக்கு எடுத்தவை. அமய லீவில் இன்னும் 5 நாட்கள் மிச்சம் இருப்பதால் அந்த மூன்றும் அங்கே போக வேண்டியவை. திருத்தினால் மிச்சம் 9 நாள்.

அடுத்தது ஒரு நாளின் பெறுமதி. அடிப்படைச் சம்பளம் 48,000 ரூபாய், நிரந்தரப் படி 12,000 ரூபாய் என்று கொள்வோம். அடிப்படையை மட்டும் 30 ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 1,600. ஒன்பது நாளுக்கு 14,400 ரூபாய். படியையும் சேர்த்து வகுத்தால் ஒரு நாளுக்கு 2,000, ஒன்பது நாளுக்கு 18,000. அதே 60,000 ரூபாயை வேலை நாட்களாக 26 ஆல் வகுக்கும் இடமென்றால் ஏறத்தாழ 20,769. ஒரே லீவுதான், ஆனால் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அதனால்தான் "கிடைக்குமா" என்று கேட்பதோடு நிறுத்தாமல் "எப்படிக் கணக்கிடுகிறீர்கள்" என்றும் கேட்கச் சொல்கிறேன். சம்பளம் பிடிக்காமல் ஒரு நாள் லீவு எடுத்தபோது உங்கள் சம்பளச் சீட்டில் என்ன தொகை நின்றது, சம்பளமற்ற லீவுக்கு எத்தனையால் வகுத்துக் கழித்தார்கள் என்று பழைய சீட்டுகளில் தேடுங்கள். கழிக்கும்போது ஒரு கணக்கு, கொடுக்கும்போது வேறொரு கணக்கு என்றால் அதைக் கேட்க உங்களுக்கு இடமுண்டு.

கடிதத்தைக் கிளை முகாமையாளர் ஊடாக, கொழும்பிலுள்ள மனிதவளப் பிரிவுக்கு முகவரியிடுங்கள். கிளையில் ஒரு பிரதி கொடுத்து, உங்கள் பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். மூலப் பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். அங்கே தமிழ் வாசிப்பவர் இல்லையென்றால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணையுங்கள். வாசகம் இவ்வளவு போதும்:

"05.08.2025
மனிதவள முகாமையாளர் அவர்களுக்கு,
கிளை முகாமையாளர் ஊடாக.

எடுக்கப்படாத வருடாந்த லீவு தொடர்பாக விளக்கம் கோருதல்

2022.06.01 முதல் மட்டக்களப்புக் கிளையில் பணியாற்றும் நான், ஏற்கெனவே சமர்ப்பித்த விலகல் கடிதத்தின்படி 2025.08.29 அன்று சேவையிலிருந்து விலகுகிறேன். எனது கணக்கின்படி 2025 ஆம் ஆண்டுக்குரிய 14 நாள் வருடாந்த லீவில் 9 நாட்கள் எடுக்கப்படாமல் உள்ளன. பதிவேட்டில் வருடாந்த லீவாகக் குறிக்கப்பட்டுள்ள மூன்று நாட்கள் சுகவீனத்துக்காக எடுத்தவை. அவற்றின் திகதிகளை இத்துடன் இணைத்துள்ளேன்.

இந்த 9 நாட்களுக்கான கொடுப்பனவு எனது இறுதிச் சம்பளத்துடன் வழங்கப்படுமா என்பதையும், ஒரு நாளின் பெறுமதி எந்தச் சம்பளத் தொகையை எத்தனை நாட்களால் வகுத்துக் கணக்கிடப்படும் என்பதையும் தயவுசெய்து அறியத் தரவும். மேலும், 2025 ஜனவரி முதல் நான் விலகும் நாள் வரையான சேவைக்குரிய லீவு எவ்வாறு கருதப்படும் என்பதைத் தனியாகக் குறிப்பிடவும். கொடுப்பனவு இல்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடாயின், அதற்கு அடிப்படையான விதியைக் குறிப்பிட்டு உதவவும்.

2025.08.15 க்கு முன் எழுத்துமூலம் பதில் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்."

கடைசிக் கேள்வியை மரியாதையாகத்தான் வைத்திருக்கிறேன், ஆனால் கடிதத்தின் பலம் அதில்தான் இருக்கிறது. "கிடையாது" என்று வாயால் சொல்வது சுலபம். விதியைக் காட்டி எழுதச் சொன்னால் பலர் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள்.

பதிலாக, "மிச்ச லீவை முன்னறிவித்தல் காலத்தில் எடுத்துவிடுங்கள்" என்று சொல்லக்கூடும். உங்களுக்கு வசதியென்றால் சம்மதியுங்கள், வீட்டிலிருந்தபடியே சம்பளம் கிடைக்கும். ஆனால் எந்தெந்த நாட்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் லீவும் போய், "முன்னறிவித்தல் காலத்தில் வேலைக்கு வரவில்லை" என்று சம்பளத்திலும் கை வைப்பார்கள்.

15 ஆம் திகதி கடந்தும் பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல் கடிதம் அனுப்புங்கள். இறுதிச் சம்பளத்திலும் அந்தப் பணம் இல்லையென்றால் மட்டக்களப்பிலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். சட்டத்தரணி தேவையில்லை, என் தொழிலுக்கு இது நட்டம்தான். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், லீவுப் பதிவேட்டின் படம், இந்தக் கடிதம், பதிவுத் தபால் பற்றுச்சீட்டு ஆகியவற்றைக் கொண்டு போங்கள். தொழில் அலுவலர் இரு தரப்பையும் அழைத்து விசாரிப்பார்.

இதே நிலையில் இருக்கும் வேறு வாசகர்களுக்கு ஒரு சொல்: சம்பளச் சபைகளின் கீழ் வரும் ஆலைத் தொழிலாளிக்கும், தாபன விதிக்கோவையின் கீழ் வரும் அரச ஊழியருக்கும் லீவுக் கணக்கு வேறு. மேலே சொன்ன 14, 10, 7, 4 என்ற கணக்கை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். பணிக்கொடைக்கு 5 வருடச் சேவை முடிந்திருக்க வேண்டும் என்பதால் கல்லடி வாசகிக்கு அந்தப் பேச்சு எழாது.

இறுதி நாளில் ஒரு தாளை நீட்டுவார்கள். "எனக்குரிய சகல கொடுப்பனவுகளையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் இருக்கும். லீவுப் பணம் வராத நிலையில் அதில் வெறுமனே கையொப்பமிட வேண்டாம். கொடுத்த தொகையை மட்டும் எழுதி, "எடுக்கப்படாத வருடாந்த லீவுக்கான கொடுப்பனவு தவிர்ந்த" என்று உங்கள் கைப்படச் சேர்த்த பிறகு ஒப்பமிடுங்கள். அதற்கு மறுத்தால் தாளை வாசிக்க ஒரு நாள் அவகாசம் கேட்டு, பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.