வில்லன் ஏன் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறான்? (கேள்வி பதில்)

கேள்வி: வில்லன் மேல் பரிதாபம் வந்துவிட்டால் அவனை மறக்க முடியாது. அவ்வளவுதானே சார்?

பாதி சரி. பரிதாபம் மட்டுமே போதும் என்றால், கதையில் அநியாயமாகச் சாகிற அப்பாவிகள் எல்லோரும் நினைவில் நிற்க வேண்டும். பெயர்கூட ஞாபகம் இருப்பதில்லை. சோகப் பின்னணி உள்ள வில்லனிடம் பரிதாபமும் கோபமும் சேர்ந்து வருகின்றன, ஒன்று மற்றதை அடங்கவிடுவதில்லை. முழுக்கக் கெட்டவன் தோற்றதும் நமக்கு நிம்மதி, புத்தகத்தை மூடிவிடலாம். இவன் தோற்ற பிறகும் ‘அன்றைக்கு மட்டும் அப்படி நடக்காமல் இருந்திருந்தால்?’ என்று மனம் அந்தப் பழைய இடத்துக்கே போய் நிற்கும்.

கேள்வி: ஒரு கதையை வைத்துச் சொல்லுங்களேன். அந்தப் ‘பழைய இடம்’ எப்படி இருக்கும்?

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’, 1818இல் வந்தது. படங்களை ஓரமாக வைத்துவிட்டு நாவலை எடுத்துக்கொள்வோம். விக்டர் என்ற இளைஞன் உயிர் கொடுத்த உருவம் கண் திறக்கிறது, அவனோ பயந்து ஓடிவிடுகிறான். அநாதையான அது ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொண்டு, சுவர் இடுக்கு வழியாக உள்ளே இருக்கும் குடும்பத்தைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்கிறது. முதலில் அவர்கள் சாப்பாட்டைத் திருடுகிறது. அவர்களே அரைவயிறுதான் என்று தெரிந்ததும் திருட்டை நிறுத்திவிட்டு, கிழங்கும் கொட்டையும் தின்கிறது. ராத்திரியில் அவர்களுக்கு விறகு கொண்டுவந்து போடுகிறது.

கடைசியில், பார்வையில்லாத பெரியவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து உள்ளே போகிறது. அவர் அன்பாகத்தான் பேசுகிறார். அதற்குள் மகன் வந்து தடியால் அடிக்கிறான். அவனைக் கிழித்துப் போட்டிருக்கலாம், அவ்வளவு பலம். கை ஓங்காமல் வெளியே ஓடிவிடுகிறது. நான் சொன்ன இடம் இதுதான். மகன் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியாது.

இன்னொன்று, வரிசை. விக்டரின் குட்டித் தம்பி வில்லியம் அந்த உருவத்தின் கையால் கொலையானதும், செய்யாத அந்தக் குற்றத்துக்கு வீட்டுப் பணிப்பெண் ஜஸ்டின் தண்டிக்கப்பட்டுச் சாவதும் நமக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. நாம் கொதித்துப்போன பிறகுதான் அந்த உருவம் தன் கதையைச் சொல்கிறது. இதை முன்னால் வைத்திருந்தால், கொலை நடக்கும் முன்பே நாம் அதற்குச் சமாதானம் தேடி வைத்திருப்போம்.

கேள்வி: அப்போ கஷ்டப்பட்டவன் கொலை செய்தால் மன்னித்துவிடணுமா? இன்றைய கதைகள் இதைத்தான் கற்றுக்கொடுக்கின்றன.

கேட்டது ஏன் ஞாபகம் இருக்கிறான் என்று. மன்னிப்பு வேறு விஷயம். வில்லியம் ஒரு சின்னப் பையன், ஷெல்லி அதை எங்கும் மழுப்பவில்லை. மழுப்பியிருந்தால் நமக்குக் கோபம் வராது, பாதி விசையும் போயிருக்கும்.

கேள்வி: என் நாவலில் வில்லனுக்கு முப்பது பக்கம் ஃபிளாஷ்பேக் வைத்திருக்கிறேன் சார். தீ விபத்து, அம்மா மரணம், சிறை எல்லாம் உண்டு. படித்தவர்கள் ‘பாவம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திரத்துக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த முப்பது பக்கத்தையும் எடுத்துவிட்டு வேறு ஏதாவது ஒரு சோகத்தை வைத்துப் பாருங்கள். அவன் செய்யும் குற்றம் அப்படியே பொருந்துகிறதா? பொருந்தினால் ஃபிளாஷ்பேக் கதையோடு ஒட்டவே இல்லை.

தீயை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பையன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான், யாரும் திறக்கவில்லை. ‘கெஞ்சினால் எவனும் திறக்கமாட்டான், திறக்க வைக்கணும்’ என்று அவன் மனதில் பதிந்துவிட்டது. வளர்ந்த பிறகு யாரிடமும் உதவி கேட்கமாட்டான். ஒவ்வொருவரின் ரகசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டுவான். இப்போது குற்றமே காயத்தின் சாயலில் இருக்கிறது, அரைப் பக்கம் போதும். அப்புறம் ஒரு இடத்தில் யாராவது அவனுக்காகத் தானாகவே கதவைத் திறக்கட்டும். அதை நம்பாமல் அவரையும் மிரட்டினான் என்றால் அது அவனே எடுத்த முடிவு. அங்கேதான் வாசகர் மாட்டிக்கொள்வார்.

கேள்வி: ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்து வில்லன் இயாகோவை எங்கே வைப்பீர்கள்? சோகக் கதையே கிடையாது. நானூறு வருஷமாக யாரும் மறக்கவில்லை.

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அவனும் காரணம் சொல்கிறான்: பதவி கிடைக்கவில்லை, மனைவி மேல் சந்தேகம். எதுவும் அவன் செய்த நாசத்துக்கு ஈடாகவில்லை. ஏன் செய்தாய் என்று கடைசியில் கேட்டால், இனிமேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான். அங்கேயும் நம்மிடம் ஒரு கேள்வி மிஞ்சுகிறது.

கேள்வி: அப்படியென்றால் சோகமே தேவையில்லையே? காரணத்தை மறைத்தால் போதுமே?

வெறுமனே மறைத்தால் போதாது என்றுதான் தோன்றுகிறது. இயாகோ தன் திட்டத்தையெல்லாம் நம்மிடம் தனியாகச் சொல்லிக்கொண்டே வருகிறான், நாமும் கூட்டாளி மாதிரி ஆகிவிடுகிறோம். அந்த நெருக்கத்தை உண்டாக்க எல்லோராலும் முடியாது, சோகக் கதை அதற்குச் சுலபமான வழி. ஆனால் நெருக்கம்தான் முக்கியமா, விடை கிடைக்காத கேள்வியா என்று கேட்டால், எனக்கு இன்னும் ஒரு பக்கம் சாய மனம் வரவில்லை. வில்லன் செய்வதற்கெல்லாம் காரணம் சொல்லித் தீர்த்துவிடுகிற ஃபிளாஷ்பேக்கைவிட ஃபிளாஷ்பேக்கே இல்லாத வில்லன் தேவலாம், அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.