கேட்பவர் காதில் விழுவது

அன்புள்ள ஐயா,

ஒரு நாவலை ஒலிநூலுக்காக வாசித்துப் பதிவு செய்துவருகிறேன். ‘தொழிலாளர்களுள் ஏழெட்டுப் பேர்’ போன்ற இடங்களில் நாக்கு குழறி, ஒரே வரியை ஆறேழு முறை வாசிக்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட சொற்களை மாற்றிவிடலாமா, அல்லது பயிற்சி செய்து சமாளிப்பதுதான் முறையா? ‘கலை, களை’, ‘அரை, அறை’ போன்றவையும் கேட்பவரைக் குழப்புமோ என்று பயமாக இருக்கிறது. புரியாவிட்டால் பின்னால் நகர்த்தி மறுபடி கேட்டுக்கொள்வார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. உங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
உங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஒரு வரிக்காக ஆறேழு முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நண்பர்கள் சொன்னதைச் சரியென்று எழுதினீர்களே, அதற்காக உங்களைக் கோபித்துக்கொள்ளத்தான் வேண்டும். தனக்குப் புரியவில்லை என்று தெரிந்தவர் மட்டுமே பின்னால் நகர்த்திக் கேட்பார். தவறாகப் புரிந்துகொண்டவருக்கு நகர்த்தத் தோன்றுமா? அவருக்குத்தான் எல்லாம் புரிந்துவிட்டதே!

நாக்கு குழறும் இடம் பெரிய விஷயமே இல்லை. ‘தொழிலாளர்களுள் ஏழெட்டுப் பேர்’ என்பதில் ழ, ல, ள, ர என்று நாக்கு நுனி ஒவ்வோர் எழுத்துக்கும் இடம் மாற வேண்டியிருக்கிறது. ‘தொழிலாளர் ஏழெட்டுப் பேர்’ என்றால் சுமை பாதியாகக் குறைந்துவிடும், பொருளில் ஒன்றும் குறையாது. எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றிவிடுங்கள். கலையும் களையும்கூட உங்களை அவ்வளவாகப் பயமுறுத்த வேண்டாம். வயலில் களை பறித்தார்கள் என்றால் யாரும் ஓவியத்தை நினைக்கப்போவதில்லை. சுற்றியுள்ள சொற்கள் காப்பாற்றிவிடும்.

சுற்றியுள்ள சொற்களாலும் காப்பாற்ற முடியாத ஓர் இடம் இருக்கிறது. அதை நான் என் அம்மாவிடம் கற்றேன்.

அம்மாவுக்குப் பார்வை மங்கிய பிறகு, நான் எழுதிக்கொண்டிருந்த நாவலை இரவில் அத்தியாயம் அத்தியாயமாக அவருக்கு வாசித்துக்காட்டுவேன். அதில் ஒருவன் தம்பியின் நிலத்தைப் பொய்க் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்வான். அந்தச் செய்தி கதையில் பின்னால்தான் வெளிப்படும். அதற்கு முன்பே அவன் வீழ்ச்சியைச் சொல்லும் அத்தியாயத்தில், ‘அவன் செய்த அதர்மமே அவனை அழித்தது’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். வாசித்து மூன்று நாள் கழித்து அம்மா கேட்டார்: “நல்லது செய்தவனை எதற்காக இப்படி அழித்துவிட்டாய்? பாவமாக இருக்கிறது.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பக்கத்தை எடுத்து, “அவன் செய்த அதர்மமே அவனை அழித்தது” என்று மறுபடி வாசித்தேன்.

“அதைத்தானே நானும் சொல்கிறேன். அவன் செய்த தர்மமே அவனை அழித்தது.”

மூன்று நாட்களாக என் அம்மா ஒரு திருடனுக்காக மனம் கசிந்திருக்கிறார். அந்த வரி அவருக்கு எங்கேயும் இடறவில்லை. தர்மம் செய்தே அழிந்தவர்கள் கதை அவருக்குப் புதிதா என்ன?

நடந்தது இதுதான். ‘செய்த’ என்ற சொல் அகரத்தில் முடிகிறது. ‘அதர்மம்’ அகரத்தில் தொடங்குகிறது. இயல்பான வேகத்தில் வாசிக்கும்போது இரண்டு அகரமும் ஒன்றோடொன்று ஒட்டி ஒன்றாகிவிடுகின்றன. காகிதத்தில் இடையே வெற்றிடம் இருக்கிறது. காதுக்கு அது இல்லை. விழுங்கப்பட்டது வெறும் ஓர் எழுத்தாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இங்கே அந்த ஓர் எழுத்துதான் மறுப்பு. அது போனால் வாக்கியம் தலைகீழாகிவிடுகிறது.

இப்படிப்பட்ட இடங்கள் தமிழில் நிறைய வரும். வந்த, போன, செய்த, செய்கிற என்று நம் பெயரெச்சங்களில் இறந்தகாலமும் நிகழ்காலமும் அகரத்தில்தான் முடிகின்றன. அவற்றின் பின்னால் வடமொழியிலிருந்து வந்த அநீதி, அதர்மம், அசுத்தம் போன்ற சொற்கள் முன்னால் ஓர் அகரத்தோடு வந்து நிற்கின்றன. ‘குழாயில் வந்த அசுத்த நீர்’ என்று வாசித்துப்பாருங்கள். கேட்பவர் சுத்த நீரைத்தான் எடுத்துக்கொள்வார். ‘இழைத்த அநீதி’ மட்டும் தப்பித்துக்கொள்ளும். நீதியை யாரும் இழைப்பதில்லை, வழங்குவார்கள். அதனால் ‘இழைத்த’ என்றதுமே காது தயாராகிவிடுகிறது. நம் சொந்த மறுப்புகளில் இந்த ஆபத்து இல்லை. முறையற்ற, தகாத, நேர்மையில்லாத என்று மறுப்பு பின்னால் வருகிறது. முன்னெழுத்து மங்கினாலும் பொருள் புரளாது.

இலக்கணத்தில் இதற்கு வழி இல்லையா என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது. நன்னூல்படி இடையில் வகர உடம்படுமெய் வந்து ‘செய்தவதர்மம்’ ஆகும். செய்யுளில் அது அழகு. உரைநடையில் அப்படி வாசித்துப்பாருங்கள், கேட்பவர் அந்தச் சொல்லிலேயே நின்றுவிடுவார், கதை முன்னால் போய்விடும்.

அன்றிரவு நானும் அம்மாவும் அந்த ஒரு வரியோடு மல்லுக்கட்டினோம். ‘அவனுடைய அதர்மமே’ என்றேன். ‘உடைய’ என்பதும் அகரத்தில்தான் முடிகிறது, அம்மா காதில் மறுபடியும் தர்மம். ‘அவன் செய்தது அதர்மம்’ என்றேன். கடைசி உகரம் அரைகுறையாகத்தான் ஒலிக்கும், அதனால் “எதுவென்று நிச்சயமாகத் தெரியவில்லை” என்றார். ‘அவன் அதர்மமே’ என்றேன். னகர மெய்யோடு அகரம் சேர்ந்து ‘அவன தர்மமே’ ஆகிவிட்டது. “அவனது தர்மமா?” என்று கேட்டார். ‘செய்த’ என்பதற்குப் பின் சற்று நிறுத்தி வாசித்தபோதுதான் சரியாகக் கேட்டது.

அந்த நிறுத்தத்தை நம்பி நீங்கள் ஏமாந்துவிடக் கூடாது. வேகம் கூட்டிக் கேட்பவர்களிடம் அது சுருங்கிப்போகும். எழுதியவர் உயிரோடில்லை, சொல்லை மாற்ற முடியாது என்னும்போதும், கவிதை வரியிலும் அதைத் தவிர வேறு வழி இல்லை. அப்போது பிரதியில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, கோட்டில் நின்று வாசியுங்கள். எழுதியவர் இருக்கிறார் என்றால் சொல்லை மாற்றச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள்.

இந்த இடங்களைப் பதிவைக் கேட்டுக் கண்டுபிடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்களுக்கு வாக்கியம் முன்பே தெரியும், ஆகவே இல்லாத அகரமும் உங்கள் காதில் ஒலிக்கும். நாவலைப் படிக்காத ஒருவரை உட்காரவைத்து ஒரு பத்தியை ஒரே ஒரு முறை கேட்கச் செய்யுங்கள். “புரிந்ததா?” என்று கேட்டால் புரிந்தது என்றுதான் சொல்வார், அதனால் பயனில்லை. என்ன நடந்தது என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். நல்லவன் கெட்டவனாகவோ கெட்டவன் நல்லவனாகவோ மாறிவிட்டால், அந்த வாக்கியத்தில்தான் கோளாறு. அவர் காதைக் குறை சொல்லாதீர்கள். நான் முதலில் அம்மாவின் வயதைத்தான் குறை சொன்னேன். அது இன்றும் உறுத்துகிறது.

கடைசியில் அந்த வரியை உடைத்தேன். ‘அவன் அறம் தவறினான். அதுவே அவனை அழித்தது.’ அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியென்றால் தம்பிக்கு என்ன செய்தான், அதை வாசி” என்றார்.