பெட்ரூம் நடுவே வரும் பில்லர்: எடுப்பதா, நிறுத்துவதா?

கேள்வி: தரைத்தளமும் முதல் மாடியும் மட்டும் கட்டுகிறோம். மாடியில் 14-க்கு 12 அடி பெட்ரூம். இன்ஜினீயர் கொடுத்த பில்லர் வரைபடத்தில் ஒரு பில்லர் அந்த அறைக்குள், வடக்குச் சுவரிலிருந்து 5 அடியும் கிழக்குச் சுவரிலிருந்து 6 அடியும் தள்ளி வருகிறது. கீழே அதே இடம் பாத்ரூமின் மூலை. மாடியில் கம்பியை வளைத்து, பில்லரைச் சுவருக்குக் கொண்டுபோய்விடலாம் என்கிறார் மேஸ்திரி. ஃபுட்டிங் குழி தோண்டியாகிவிட்டது, கான்கிரீட் இன்னும் போடவில்லை. பில்லரை எடுத்துவிடச் சொல்லி இன்ஜினீயருக்கு எழுதலாமா?

பதில்: எழுதுங்கள். ஆனால் "எடுத்துவிடுங்கள்" என்று எழுதாமல், "இந்தப் பில்லரை முதல் மாடியின் தரை மட்டத்தோடு நிறுத்த முடியுமா?" என்று கேளுங்கள்.

கீழே இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் அது மறைந்துவிடுகிறது, யாருக்கும் இடைஞ்சல் இல்லை. மாடித் தரையைத் தாங்கும் பீம்கள் அங்கே அதன் மேல்தான் உட்கார்கின்றன. அதனால் கீழே அதற்கு வேலை உண்டு, ஃபுட்டிங்கும் வேண்டும். மாடிக்கு மேல் அது தாங்கப்போவது மொட்டைமாடி ஸ்லாபில் தன்னைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும். பக்கத்துச் சுவர்களுக்குப் பாதி தூரம் வரை கணக்கிட்டால் ஏறக்குறைய 42 சதுர அடி வரும். ஸ்லாபின் சொந்த எடை, தட்டு ஓடு பதிப்பு, ஆட்கள் நடமாட்டம் எல்லாம் சேர்த்து இரண்டரை டன்னுக்குள் அடங்கும். இவ்வளவுக்காக அறை நடுவே ஒரு தூண் தேவையில்லை.

அந்தச் சுமை வேறு வழியில் இறங்க வேண்டும். பெட்ரூமின் நான்கு சுவர் மேலும் ரூஃப் பீம், நான்கு மூலையிலும் பில்லர் என்று இருந்தால், 14-க்கு 12 அடிப் பரப்பை 5 அங்குல ஸ்லாப், நடுவே பீம் எதுவும் இல்லாமல் தாங்கும். கம்பி இரு திசையிலும் வேலை செய்ய வேண்டும். 12 அடித் திசையில் போகும் கம்பி அடியில் இருக்க வேண்டும். 14 அடி நீளப் பீமுக்கு 15 அங்குல ஆழம் பிடிக்கலாம். சுவருக்கு மேலேயே போவதால் அறைக்குள் துருத்தாது. இறுதி அளவும் கம்பியும் இன்ஜினீயரின் கணக்குப்படிதான். மூலைப் பில்லர்களும் அவற்றின் ஃபுட்டிங்கும் கூடுதல் சுமைக்குப் போதுமா என்பதை இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். கான்கிரீட் போட்டபின் ஃபுட்டிங்கை அகலப்படுத்துவது பெரிய பாடு.

இங்கே பலர் கோட்டைவிடுவது சுவர் விஷயத்தில். பெட்ரூமின் நான்கு சுவருக்கும் நேர் கீழே, முதல் மாடித் தரை மட்டத்தில் பீம் இருக்கிறதா? கீழே பாத்ரூம், சமையலறை என்று சுவர்கள் வேறு கோட்டில் போயிருந்தால், மாடிச் சுவர் வெறும் ஸ்லாப் மேல் உட்கார்ந்துவிடும். 9 அங்குலச் செங்கல் சுவர் 10 அடி உயரத்துக்கு, ஓர் அடி நீளத்துக்கே 400 கிலோவுக்கு மேல் எடை. ஸ்லாப் தொய்வதற்கான முதல் அறிகுறி, அந்தச் சுவரின் அடியில் தரையை ஒட்டி ஓடும் கிடைமட்ட விரிசல்.

மேஸ்திரி சொன்ன வழி வேண்டாம். பில்லர் கம்பியை 6 அடி உயரத்துக்கு 1 அடி என்ற சரிவுக்கு மேல் சாய்க்கக் கூடாது. வடக்குச் சுவர் வரை 5 அடி நகர்த்த 30 அடி உயரம் வேண்டும்! நடைமுறையில் இரண்டு, மூன்று அங்குலம் ஒதுக்கத்தான் இந்த முறை. கம்பியை வளைக்காமல், சுவருக்கு அடியிலுள்ள பீம் மேல் புதிய பில்லர் ஒன்றைத் தொடங்கலாமே என்றும் யாராவது சொல்வார்கள். அப்போது மொத்தச் சுமையும் பீமின் ஒரே புள்ளியில் இறங்கும். நிலநடுக்க அபாயம் உள்ள பகுதிகளில் இப்படி அந்தரத்தில் நிற்கும் பில்லர்கள் முதலில் சேதமடைபவை. உங்கள் வீட்டில் அதற்கு அவசியமே இல்லை.

ஒரே ஒரு காரணத்துக்காக இன்ஜினீயர் மறுக்கலாம்: காற்றும் நிலநடுக்கமும் தரும் பக்கவாட்டு விசையைத் தாங்கும் பில்லர்-பீம் சட்டகத்தில் அந்தப் பில்லருக்கும் பங்கு இருந்தால். அப்படியானால் பக்கத்துப் பில்லர்களைப் பெரிதாக்கி ஈடுகட்ட முடியுமா என்று கேளுங்கள்.

சம்மதித்தால் வாய்வார்த்தையோடு விடாதீர்கள். திருத்திய வரைபடத்தில், பில்லர் அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேரே "முதல் மாடித் தளம் வரை மட்டும்" என்று எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் கம்பி கட்டுபவர் வழக்கப்படி மாடிக்கும் நீட்டிவிடுவார். தளம் போடுவதற்கு முன் பில்லர் கம்பிகளின் நுனி பீமுக்குள் மடங்கியிருக்கிறதா என்று நேரில் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியை அந்த அறை ஸ்லாபின் நடுவில் வைக்கக் கூடாது. 1000 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டும் ஒரு டன். அதைப் பில்லர் உள்ள மூலைப் பக்கம், பீம்களுக்கு மேல் வையுங்கள். பின்னாளில் இரண்டாவது மாடி எழுப்பும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், அதையும் இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்போது மேலே கொடுத்த கணக்கு முழுவதும் மாறும்.